அஞ்சு மைல் கப்சா

கருணாகரன் படகை விட்டு இறங்கப் போகிறார் என்ற பேச்சைக் காசிமேட்டில் யாரும் நம்பவில்லை. முப்பத்தைந்து வருடம் விசைப்படகு ஓட்டிய டிரைவர். அதில் கடைசிப் பதினாறு வருடம் ‘ஜெமிமா’ என்ற ஒரே படகில். கரைக்கு வந்தால் மூன்றாம் நாளே காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி அலைகிற ஆள். அந்த ஆள் கரையில் உட்காரப் போகிறாராம்.

ஆனால் முழங்கால் நம்ப வைத்துவிட்டது. எட்டு நாள் கடலிலேயே கிடக்கும் தங்கல் போய்ச் சக்கரத்தின் முன்னால் நிற்கிற காலா அது? போன வருடம் கரை சேர்ந்து ஏணியில் ஏற முடியாமல் விமல் தூக்கிவிட வேண்டியதாயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் தூக்கிவிடப்பட்ட அவமானத்தை அவர் நாலு மாதம் மென்றுகொண்டிருந்தார். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்த அறுபத்தொரு நாளில் ஒரு திட்டம் போட்டார்.

திட்டம் இதுதான். ஜெமிமாவை இனி விமல் ஓட்டுவான். விமல் அவருடைய மனைவி கன்னியம்மாவின் அண்ணன் மகன், பத்து வருடமாக அவரிடமே வேலை பார்த்தவன். கருணாகரன் வீட்டில் முடங்க மாட்டார். பன்னிரண்டு படகுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சின்னச் சங்கத்துக்கு ஐஸ் கம்பெனி மாடியில் ஓர் அறையும், அதில் தூசு படிந்த ஒரு வயர்லெஸ் செட்டும் இருந்தன. செட்டை இயக்கத்தான் ஆளில்லை. அந்த நாற்காலியில் தான் உட்காருவதாகச் சொன்னார். காலையும் மாலையும் ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுதுவது, வானிலை அறிவிப்பைப் படித்துச் சொல்வது, ஆபத்தென்றால் கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுப்பது. இதற்கெல்லாம் படிக்க வேண்டும், எழுத வேண்டும். கருணாகரன் அஞ்சாம் கிளாஸோடு கடலுக்குப் போனவர்.

“படிச்சுக்கறேன். செத்தா பூட்டேன்?” என்றார்.

கன்னியம்மாவுக்குப் பரம சந்தோஷம். “எங்கனா போய் உக்காரு. வூட்ல உக்காந்துகினு கொழம்புக்கு எவ்ளோ புளின்னு என்கிட்ட டிரைவர் வேலை காட்டாம இருந்தா சரி” என்றாள்.

படகின் சொந்தக்காரர் சாலமோன் அண்ணாச்சிதான் முகம் சுளித்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறும் வலையும் மொத்த வியாபாரம் செய்கிறவர். மகள் பெயரைத்தான் படகுக்கு வைத்திருந்தார். “ஆடி முடியட்டும் கருணா. அதுவரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பையன் ஏதாச்சும் சொதப்பினான்னா நீரு திரும்பப் படகு ஏறிரணும். சம்மதமா?” என்றார்.

சம்மதம் என்றார் கருணாகரன். சொல்லும்போது மனசின் ஒரு மூலையில் ‘சொதப்பட்டுமே’ என்று ஏதோ முனகியது. அதை அவர் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார். நாமெல்லாரும் அப்படித்தானே செய்கிறோம்.

பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள் ஃபரா. ராயபுரத்தில் அவளுடைய அப்பா சௌக்கத் அலி கடையில் படகுகளின் வயர்லெஸ், ஜி.பி.எஸ் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார்கள். பாலிடெக்னிக் முடித்த பெண், இருபத்தாறு வயது, சிரிப்பைச் செலவழிக்காத முகம். வாரம் மூன்று நாள், மதியம் மூன்று மணிக்கு வருவாள். கருணாகரனுக்கு ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னாள். ‘கேட்டதை எழுது. நினைச்சதை எழுதாதே.’

“இது இன்னா பாப்பா, ஸ்கூல் பையன் மாரி?”

“எழுதுங்க அங்கிள்.”

எழுதினார். முப்பத்தைந்து வருடம் ஜி.பி.எஸ் எண்ணைக் கண்ணால் பார்த்தே படகு ஓட்டியவர், அந்த எண்ணைத் தாளில் எழுதத் திணறினார். பதின்மூன்று டிகிரி வடக்கு, எண்பது டிகிரி கிழக்கு என்பதை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது ஒன்றுதான். மேலே வருகிற நிமிஷக் கணக்கை மட்டும் சொல்வார்கள். ‘வடக்க பதினாறு, கிழக்க முப்பது’ என்றால் இடம் புரிந்துவிடும். வடக்கே ஒரு நிமிஷம் கூடினால் ஒரு கடல் மைல் தள்ளிப் போகும். இதெல்லாம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் ஃபராவிடம் சொல்லாத இன்னொன்றும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

அதன் பெயர் கப்சா.

வயர்லெஸ்ஸில் ஒருத்தன் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை படகும் கேட்கும். மீன் கிடைத்த இடத்தை உள்ளபடி சொன்னால் இரண்டு மணி நேரத்தில் இருபது படகு வந்து நிற்கும். அதனால் எந்த டிரைவரும் தன் இடத்தை உள்ளபடி சொன்னதில்லை. கருணாகரனின் வழி அஞ்சு. வடக்கு எண்ணோடு அஞ்சைக் கூட்டிச் சொல்வார். பதினாறில் நின்றால் இருபத்தொன்று என்பார். தன் கூட்டாளிக்கு மட்டும் கணக்கு தெரியும், அவன் அஞ்சைக் கழித்துக்கொள்வான். மற்றவர்கள் அஞ்சு மைல் வடக்கே போய் வெறுந்தண்ணீரை அரித்துக்கொண்டிருப்பார்கள். விமலுக்கு அவர் முதல் வருடம் கற்றுக்கொடுத்ததே இதுதான். ஒரு தடவை அவன் மறந்துபோய் உள்ளதைச் சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்தும் இருக்கிறார்.

கரைக்கு வந்த முதல் நாள் எல்லாப் படகுகளுக்கும் வயர்லெஸ்ஸில் ஓர் அறிவிப்பு செய்தார், அவரே யோசித்துச் செய்தது. “தோஸ்துங்களா, நான் கருணாகரன் பேசறேன். இனிமே கரைக்கு கப்சா கெடையாது. எங்க நிக்கறியோ அத்த நெஜமா சொல்லு. எல்லாரும் நெஜம் சொன்னா எவனுக்கும் நஷ்டமில்ல. ஆபத்துன்னா வந்து தூக்கணுமே, அதுக்குத்தான்.”

நல்ல பேச்சு. ஃபரா கூடத் தலையாட்டினாள். ஆனால் பேசியவரே அதை நம்பவில்லை. காலையும் மாலையும் விமல் எண் சொல்ல, கருணாகரன் கமுக்கமாக அஞ்சைக் கழித்து நோட்டில் எழுதினார். என் வளர்ப்பு, அவன் எங்கே நெஜம் சொல்லப் போகிறான் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. மூன்று வாரம் இப்படியே ஓடியது. அறிவிப்பைக் கேட்ட பன்னிரண்டு படகில் யார் உள்ளதைச் சொல்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவும் இல்லை.

அன்று புதன்கிழமை. பாடத்துக்கு ஃபரா வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையிலிருந்து ஜெமிமாவின் டிரான்ஸ்பாண்டரை எடுத்து மேசையில் வைத்தாள். படகு எங்கே நிற்கிறதென்று தானாகவே கரைக்குச் சொல்லும் பெட்டி அது. ரிப்பேருக்கு வந்து, அன்றுதான் முடிந்திருந்தது. “அடுத்த தங்கலுக்குப் போறப்ப மாட்டிடலாம்” என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செட் கரகரத்தது.

“மாமா... மாமா... ஜெமிமா பேசறேன். கேக்குதா?”

விமலின் குரல். அந்தக் குரலில் தண்ணீர் இருந்தது.

“கேக்குதுடா, சொல்லு.”

“இஞ்சின் ரூம்ல ஓஸ் பைப் பிச்சுகிச்சு. தண்ணி பூந்துகினே கீது. இஞ்சின் நின்னு போச்சு, பம்ப் எடுக்கல. பக்கெட்ல மொண்டு ஊத்திகினு கீறோம். பேட்டரி பாதி தண்ணில கீது மாமா. எட்டு பேரு. வடக்க இருபத்தொண்ணு, கிழக்க முப்பத்திரெண்டு. திரும்ப சொல்றேன், வடக்க இருப...”

அவ்வளவுதான். செட் உஸ்ஸென்று இரைந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் நொடியில் கருணாகரனின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நானில்லாமல் ஓட்ட முடியவில்லை பார்த்தாயா என்கிற சந்தோஷம். அடுத்த நொடியே எட்டு பேர் முகமும் கண்ணுக்குள் வந்து, அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கை பரபரவென்று வேலை செய்தது. சுவரில் மாட்டியிருந்த பலகையில் சாக்பீஸால் எழுதினார். வடக்கு 16, கிழக்கு 32. எண்ணூர் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் நடமாடும் வழி. இஞ்சின் இல்லாத படகு அங்கே கிடந்தால் நிலக்கரிக் கப்பல்காரன் கண்ணில் படுமா? மைக்கை எடுத்துக் கத்தினார்.

“ஜெமிமா பக்கத்துல எவன்டா கீற? ஜெமிமாவுக்கு ஆபத்து. யாரு கிட்ட கீறீங்க?”

“அண்ணாத்தே, தீபன் பேசறேன். பதினெட்டரை, முப்பத்தொண்ணுல கீறேன். வலைய இயுத்துகினு கீறாங்க, இன்னும் அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடுவேன். விமல் பேசுனது எனக்கு சரியா கேக்கல, கரகரன்னுச்சு. எங்க போவணும்?”

“தெக்க போ. பதினாறு, முப்பத்திரெண்டு.”

ஃபரா அதற்குள் தன் போனில் கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைத்திருந்தாள். எத்தனை பேர், என்ன ஆபத்து, படகின் நிறம் எல்லாம் அவள் ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாள். இடம் கேட்டிருப்பார்கள் போல. பலகையைப் பார்க்கத் திரும்பியவள் அப்படியே நின்றாள். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அங்கிள், அவர் இருபத்தொண்ணுன்னு சொன்னார். நீங்க பதினாறுன்னு எழுதிருக்கீங்க.”

“அது எங்க கணக்கு பாப்பா. நீ பதினாறுன்னு சொல்லு.”

“என்ன கணக்கு?”

அவள் நோட்டை இழுத்துப் பிரித்தாள். மூன்று வாரத்துப் பக்கங்களையும் விரலால் தள்ளினாள். அவள் இருந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை, விமல் முன்கூட்டியே கூப்பிட்டிருந்தான். அன்று அவன் சொன்ன எண் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நோட்டில் வேறு எண் இருந்தது.

“கேட்டதை எழுதலையா அங்கிள் நீங்க? இத்தனை நாளுமா?”

“அவன் அஞ்சு கூட்டித்தான் சொல்வான். நான்தான் கத்துக்குடுத்தேன். எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியுமா, இல்ல நெனைக்கறீங்களா?”

அந்தக் கேள்வி அவரை அறைந்தது. உண்மையில் அவருக்குத் தெரியாது. விமல் அவர் வளர்த்த விமலாக இருந்தால் பதினாறு. அவருடைய அறிவிப்பைக் கேட்ட விமலாக இருந்தால் இருபத்தொன்று. நடுவில் அஞ்சு மைல் கடல். பக்கத்தில் தீபன் ஒருத்தன்தான், அவனோ இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கிறான். தெற்கே அனுப்பினால் தெற்கே போவான். தப்பென்று தெரிந்து திரும்பிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். பக்கெட்டால் மொள்ளுகிற எட்டு பேருக்கு அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதா? தண்ணீரின் ஆழம் எவ்வளவு என்று கேட்டும் பிரயோஜனமில்லை. இந்தக் கரையில் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அந்தத் தூரத்தில் அதே ஆழம்தான்.

விமலிடமே கேட்க வேண்டும். ஆனால் அவன் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. பேச்சைக் கேட்பதற்குக் கொஞ்சம் சார்ஜ் போதும், பேசத்தான் நிறைய வேண்டும் என்று ஃபரா இரண்டாவது பாடத்தில் சொல்லியிருந்தாள். அவனால் பேச முடியாது. காதில் விழக்கூடும். பொத்தானை மட்டும் அமுக்கினால் இங்கே ‘ட்டப்’ என்று கேட்கவும் கூடும்.

கேட்கலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் கடலில் உள்ள அத்தனை படகுக்கும் கேட்கும். அஞ்சு மைல் கப்சா ஊருக்கே தெரிந்துவிடும். தன்னை நம்பி வடக்கே ஓடி வெறும் வலையோடு திரும்பியவர்கள் எல்லாரும் இப்போது செட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தீபனே ஒருத்தன். இன்னும் பத்து வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசப்போகிற மனிதன், நான் பொய்யன் என்று தன் வாயாலேயே ஊர் அறியச் சொல்ல வேண்டும்.

“அங்கிள், லைன்ல வெயிட் பண்றாங்க” என்றாள் ஃபரா.

கருணாகரன் மைக்கை எடுத்தார்.

“தீபா, நில்லு. எங்கியும் போவாத. எல்லாரும் வாய மூடிகினு கேளுங்க. நடுவுல எவனும் பொத்தான அமுக்காதீங்க.” ஒரு மூச்சு விட்டார். “விமலு, மாமா பேசறேன். நீ பேச வேணாம், கேளு. நான் உனக்கு கப்சா கத்துக்குடுத்தேன். அஞ்சு கூட்டிச் சொல்லுன்னு கத்துக்குடுத்தேன். இத்தினி வருசமா நானும் அத்தத்தான் எல்லாருக்கும் சொல்லிகினு வந்தேன். இப்ப நீ சொன்ன இருபத்தொண்ணு நெஜமா, கப்சாவா? நெஜம்னா ஒரு தபா அமுக்கு. கப்சான்னா ரெண்டு தபா அமுக்கு.”

உஸ்ஸென்ற இரைச்சல். கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. ஃபரா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ட்டப்.

ஒன்று. கருணாகரன் இரண்டாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பத்து நொடி போயிற்று. வரவில்லை. நெஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். இரண்டாவது தடவை அமுக்கியிருப்பானோ? செத்துக்கொண்டிருக்கிற பேட்டரி அதை விழுங்கியிருக்குமோ? என்ன முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டேன்!

நினைத்ததை எழுதாதே. கேட்டதை எழுது.

“விமலு, எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. அது முழுசா வந்துச்சான்னு எனக்குத் தெரியல. நெஜம்னா மூணு தபா அமுக்கு. கப்சான்னா அமுக்கவே அமுக்காத. மூணு கேட்டாத்தான் நம்புவேன்.”

ட்டப். ட்டப்.

நீண்ட இடைவெளி. ஃபரா மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

ட்டப்.

“நெஜம்! தீபா, நெஜம்டா! வடக்க ஓடு. இருபத்தொண்ணு, முப்பத்திரெண்டு. நீரோட்டம் வடக்க இயுக்குது, கொஞ்சம் தாண்டியே பாரு!”

ஃபரா போனிலிருந்து கையை எடுத்துச் சரியான எண்ணைச் சொன்னாள். கருணாகரன் பலகையில் பதினாறை உள்ளங்கையால் அழித்தார். அழித்த இடத்தில் இருபத்தொன்று என்று எழுதும்போது சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்துத் தீபன் கூப்பிட்டான். “கண்ணுக்குத் தெரியுது அண்ணாத்தே. பின்பக்கம் நல்லா எறங்கிக் கீது. எட்டு பேரும் மேல நிக்கறானுங்க. எண்ணிட்டேன், எட்டு.” கருணாகரன் மைக்கை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். ஃபரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீபனின் பம்ப்பைப் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். காவல் படைப் படகும் வந்து பக்கத்திலேயே நின்றது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்கள். வருகிற வழியெல்லாம் வயர்லெஸ்ஸில் கருணாகரனுக்கு அர்ச்சனை. “இன்னா அண்ணாத்தே, அந்த வருசம் வஞ்சிரம் இருபதுல கீதுன்னு சொன்னியே, அப்ப அதுவும் பதினஞ்சுதானா?” “எங்க நைனா சாவற வரைக்கும் உன்ன நம்பி வடக்கயே அலஞ்சாரே, நல்லா இருப்பியா நீ!” எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்க வேண்டியதுதானே.

இருட்டி நெடுநேரம் கழித்துப் படகுகள் துறைமுகத்துக்குள் வந்தன. சாலமோன் அண்ணாச்சி காரை விட்டிறங்கி வேகமாக வந்தார். கன்னியம்மா முன்னாலேயே வந்து அண்ணன் மகனின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி நேரே கருணாகரனிடம் வந்தார்.

“பாத்தீரா? நான் அன்னைக்கே சொன்னேன். ஓஸ் கூடப் பாக்காம ஓட்டிருக்கான். ரிப்பேர் முடிஞ்சதும் நீரே ஏறிரும் கருணா. பேசின பேச்சு இருக்குல்ல?”

இந்த வார்த்தைக்காகத்தான் மனசின் அந்த மூலை மூன்று வாரமாகக் காத்துக்கிடந்தது. கருணாகரன் விமலைப் பார்த்தார். அவன் கை இரண்டும் பக்கெட் பிடித்துத் தோலுரிந்திருந்தன.

“ஏன்டா நெஜத்த சொன்ன? நான் உனக்கு அப்டியா சொல்லிக்குடுத்தேன்?”

விமல் விழித்தான். “நீதான மாமா சொன்ன, இனிமே கரைக்கு கப்சா கெடையாதுன்னு. மொத நாள்ல இருந்து நெஜந்தான் சொல்லிகினு கீறேன். நீ சொன்னா நான் நம்ப மாட்டனா?”

கருணாகரனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூன்று வாரம் அந்தப் பையன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், மூன்று வாரம் இவர் அதைத் திருத்தித் திருத்திப் பொய்யாக எழுதியிருக்கிறார். அவன் புது ஆளாகிவிட்டான். நாற்காலி மாறியும் இவர்தான் பழைய சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஓஸ் பழசு. போன தங்கல்லயே மாத்தணும்னு அவன் கேட்டான், தாங்கும்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கு கடல்ல எவனும் சொதப்பல. சொதப்புனது கரை. நான் படகு ஏற மாட்டேன். கரையில எனக்கு இன்னும் பாடம் பாக்கி கீது” என்றார். பிறகு ஃபராவிடம் திரும்பி, “வெள்ளிக்கெயம மூணு மணிக்கு வருவ இல்ல பாப்பா?” என்று கேட்டார்.

“வருவேன். மூணு வாரத்து நோட்டையும் திருப்பி எழுதி வைங்க, அஞ்சு கூட்டி” என்றாள் அவள்.

பதினோரு நாள் கழித்து ஜெமிமா புது ஓஸோடும் டிரான்ஸ்பாண்டரோடும் கிளம்பியது. மாலை ஆறு மணிக்கு விமல் கூப்பிட்டான்.

“மாமா, ஜெமிமா. வடக்க பத்தொம்பது, கிழக்க இருபத்தொம்பது. எல்லாரும் நல்லா கீறோம்.”

பேனா பதினான்கு என்று எழுதத் துறுதுறுத்தது. பழக்கம் லேசில் போகுமா? கருணாகரன் அதைத் தடுத்துப் பத்தொன்பது என்று எழுதினார். அதற்குள் தீபனின் குரல் குறுக்கே வந்தது.

“அண்ணாத்தே, இது நெஜமா, கப்சாவா?”

வரிசையாகப் பத்துப் படகிலிருந்து சிரிப்பு. கருணாகரன் மைக்கை எடுத்துப் பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினார்.